மூடியைக் கழற்றி அரைப்பதா, மூடியோடு அரைப்பதா?

சிறிய மறுசுழற்சிக் கூடத்துக்கு வரும் ஷாம்பு, சலவைத் திரவம் போன்றவற்றின் புட்டிகள் பெரும்பாலும் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக்கால் ஆனவை, அவற்றின் மூடிகளோ பெரும்பாலும் பி.பி. எனப்படும் பாலிப்ரோப்பிலீன். இந்தச் சரக்கைக் குருணையாக்க இரண்டு வழிகள் உண்டு. புட்டியை மூடியோடு அரைத்து, கழுவும் தொட்டியும் பிளாஸ்டிக்கை உருக்கும் எந்திரத்தின் வடிகட்டிச் சல்லடையும் அழுக்கைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது முதல் வழி. அரைப்பதற்கு முன்பே மேசையில் மூடியைக் கையால் கழற்றிப் பிரிப்பது இரண்டாம் வழி. முதல் வழியில் ஆள்கூலி மிச்சமாகிறது, எந்திரமும் இடைவிடாமல் ஓடுகிறது. ஆனால் மிச்சப்படுத்தியது எங்கே போகிறது என்பது குருணையாகும் வரை கண்ணுக்குத் தெரிவதில்லை.

கணக்காகவே பார்க்கலாம். புட்டி 30 கிராம், மூடி 3 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் புட்டிகளில் 30 கிலோ எச்.டி.பி.இ.யும் 3 கிலோ பி.பி.யும் இருக்கும். மூடியோடு அரைத்தால் கிடைக்கும் செதிலில் ஏறக்குறைய 9 சதவீதம் பி.பி. கலந்திருக்கும்.

தொட்டி அதைப் பிரிக்குமா? மிதக்கவிட்டுப் பிரிக்கும் தொட்டி நீரின் அடர்த்தியை வைத்துத்தான் வேலை செய்கிறது. பெட் (அடர்த்தி சுமார் 1.38), பி.வி.சி., மண், உலோகம் ஆகியவை மூழ்கிவிடுகின்றன. எச்.டி.பி.இ.யின் அடர்த்தி 0.94 முதல் 0.96 வரை, பி.பி.யின் அடர்த்தி சுமார் 0.90, இரண்டுமே 1-க்குக் கீழ் என்பதால் இரண்டும் ஒன்றாகவே மிதக்கின்றன. சுண்ணாம்புத் தூள் நிறையச் சேர்த்த மூடியென்றால் மூழ்கக்கூடும், ஆனால் அதை நம்பித் தொட்டியை ஓட்ட முடியாது.

சல்லடையும் உதவாது. உருக்கும் எந்திரம் 200 டிகிரி செல்சியஸ் அளவில் ஓடும்போது, 250 டிகிரிக்கு மேல்தான் உருகும் பெட் துணுக்கு உருகாமல் நின்று சல்லடையில் மாட்டிக்கொள்கிறது. சுமார் 165 டிகிரியில் உருகும் பி.பி.யோ எச்.டி.பி.இ.யோடு சேர்ந்து உருகிக் கம்பி வலையைத் தடையின்றிக் கடந்துவிடுகிறது. சல்லடை திடப்பொருளைத்தான் தடுக்கும், தவறான பிளாஸ்டிக்கைத் தடுக்காது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு மேலும் நுண்ணிய வலை மாட்டுபவர்களுக்குக் கிடைப்பது அழுத்த உயர்வு மட்டுமே.

உருகிய பிறகும் இவை இரண்டும் ஒன்றில் ஒன்று கரைவதில்லை. பி.பி. நுண்ணிய துளிகளாக எச்.டி.பி.இ.க்குள் சிதறி நிற்கிறது. இரண்டுக்கும் இடையே பிடிப்பு பலவீனமாக இருப்பதால், இழுக்கும்போது பொருள் நீளாமல் விரைவில் அறுகிறது. குருணையைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. தகடாக வார்த்து மடக்கினால் மடிப்பு வெளுப்பது, சில வேளைகளில் ஏடு ஏடாக உரிவது ஆகியவையே முதல் அடையாளங்கள். ஊதி வார்க்கும் புட்டிக்கு இது போதுமான குறை. தடித்த பலகை வார்ப்பவர் ஒருவேளை கண்டுகொள்ள மாட்டார்.

கையால் பிரிக்கும் வழியிலும் இழப்பு இல்லாமல் இல்லை. மூடி கழன்ற பின்னும் உடைந்த வளையம் கழுத்தில் தங்கிவிடுகிறது. எல்லா மூடியும் பி.பி. அல்ல, எச்.டி.பி.இ. மூடியும் புழக்கத்தில் உண்டு, அதைத் தூக்கி எறிவது வீண். இருந்தாலும் இந்த மேசையில் கிடைக்கும் இன்னொரு பலன் பெரியது: அழுத்தும் பம்ப் தலைகளுக்குள் இருக்கும் இரும்புச் சுருள்வில், அரைக்கும் கத்தியைப் பதம் பார்ப்பதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது. காகித லேபிளையும் இங்கேயே உரித்துவிடலாம். குளிர்ந்த நீரில் கழுவினால் லேபிள் பசை செதிலில் ஒட்டியே இருக்கிறது. நீரில் நைந்த காகித நாரோ உருக்கும்போது கருகிப் பழுப்புப் புள்ளிகளாகிறது. காஸ்டிக் சோடா கலந்த வெந்நீர் பசையை எடுக்கும், பி.பி.யை எடுக்காது.

எந்த வழியில் போவது என்பதைத் தீர்மானிக்க எளிய சோதனை ஒன்று போதும். நீரில் ஸ்பிரிட்டைச் சிறிது சிறிதாகக் கலந்து, அடர்த்திமானி 0.93 காட்டும்வரை கொண்டு வாருங்கள். கழுவி உலர்த்திய செதிலில் 100 கிராம் எடுத்து அதில் போட்டுக் கலக்குங்கள், காற்றுக்குமிழ் ஒட்டாதபடி. எச்.டி.பி.இ. மூழ்கும், பி.பி. மிதக்கும், மிதந்ததை உலர்த்தி எடை பார்த்தால் சதவீதம் கையில் கிடைத்துவிடும். எல்.டி.பி.இ.யும் மிதக்கக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மிதந்தது 1 கிராமுக்குள் என்றால் உங்கள் பிரிப்பு மேசை சரியாக வேலை செய்கிறது என்று கொள்ளலாம். 9 கிராமை நெருங்கினால், அந்தச் சரக்கை வாங்குபவரிடம் கலப்புக் குருணை என்றே சொல்லி விற்பதுதான் நேர்மையான வழி. ஏனெனில் கழுவிய பின் அதைத் திரும்பப் பிரிக்கும் கருவி சிறிய கூடத்தில் பொதுவாக இருப்பதில்லை.