ஒரு பல்லாங்குழி கேமும் அதன் ஸ்டோர் பக்கமும்: சில வருட அனுபவம்

நண்பர் ஒருவர் பல்லாங்குழியை ஆண்ட்ராய்டு கேமாக எழுதினார். கோடிங் முழுக்க அவருடையது. பிளே ஸ்டோரில் அதற்கான பக்கத்தை எழுதுவதும் மாற்றுவதும் என் வேலை. சில வருடங்களாக அதைச் செய்துவருகிறேன். சின்ன கேம், விளம்பரச் செலவு கிடையாது. ஆள் வருவது தேடல் வழியாகத்தான். அதனால் பக்கத்தில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பலன் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க முடிந்தது. ஸ்கிரீன்ஷாட், ஐகான் பக்கம் நான் போகவில்லை. எழுத்து சம்பந்தப்பட்டது மட்டும் இங்கே.

முதலில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்பது. கேமை வெளியிடுகிறவர் ஸ்டோர் பக்கத்தைக் கவனிக்கும் இடமான பிளே கன்சோலில் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக விவரம் எழுதலாம். தமிழுக்கு `ta-IN`. இந்தத் தமிழ்ப் பக்கம் யாருக்குத் தெரியும் என்றால், போனின் மொழியைத் தமிழாக வைத்திருப்பவர்களுக்கு. நம் ஆட்களில் பெரும்பாலோர் போனை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் தமிழ் தட்டுகிறவர்கள். ஆகவே பல்லாங்குழி தேடி வரும் தமிழர் பார்ப்பது அநேகமாக `en-IN`, அதாவது இந்திய ஆங்கிலப் பக்கத்தை. சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருப்பவர் பார்ப்பது வேறொரு ஆங்கிலப் பக்கமாக இருக்கலாம். தமிழ்ப் பக்கத்தை மட்டும் இழைத்து இழைத்து எழுதிவிட்டு ஆங்கிலத்தில் நாலு வரி போட்டு முடித்தால் உழைப்பு தப்பான இடத்தில் போய்ச் சேரும். இரண்டையும் சமமாக எழுத வேண்டும். தமிழில் தேடுகிறவருக்காக இந்திய ஆங்கிலப் பக்கத்தின் விவரத்தில் ஒரு தமிழ் வாக்கியத்தையும் வைத்திருக்கிறேன்.

இனி முதல் வரி. பிளே ஸ்டோரில் டைட்டிலுக்கு 30 எழுத்து, ஷார்ட் டிஸ்கிரிப்ஷனுக்கு 80, முழு விவரத்துக்கு 4000. கேம் பக்கத்தைத் திறந்தவுடன் கண்ணில் படும் வாக்கியம் அந்த 80 எழுத்துதான். முழு விவரம் அம்புக்குறியைத் தொட்டால்தான் விரியும். தொடுகிறவர் குறைவு. ஆக 'முதல் வரி' என்று நாம் பேசுவது நடைமுறையில் ஷார்ட் டிஸ்கிரிப்ஷனைத்தான்.

இதில் தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல். கன்சோல் எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல, யூனிகோட் குறியீடுகளை. 'பல்லாங்குழி' நமக்கு ஆறெழுத்து. அங்கே பதினொன்று. புள்ளி ஒன்று, கால் ஒன்று, கொம்பு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் இடம் போகிறது. 'பல்லாங்குழி: இருவர் ஆட்டம்' என்று டைட்டில் வைத்தாலே 26 ஆகிவிடும். 2021 வரை டைட்டிலுக்கு 50 எழுத்து இருந்தது. அப்புறம் 30 ஆகக் குறைத்தார்கள். கூடவே 'சிறந்த', 'நம்பர் 1', 'இலவசம்' போன்ற சொற்களையும் எமோஜிகளையும் டைட்டிலில் போடக் கூடாது என்றும் விதி வந்தது. எனக்கு அது நல்லதாகவே படுகிறது. அந்தச் சொற்கள் இல்லாமல் போனதும் கேமைப் பற்றிச் சொல்ல இடம் கிடைத்தது.

முதலில் எங்கள் ஷார்ட் டிஸ்கிரிப்ஷன் 'தமிழரின் பாரம்பரிய விளையாட்டு இப்போது உங்கள் கைபேசியில்' என்ற வகையில் இருந்தது. கேட்க நன்றாக இருக்கும். தாயம், பரமபதம், ஆடு புலி ஆட்டம், எதற்கு வேண்டுமானாலும் அதை ஒட்டலாம். படிக்கிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. இப்போது இருப்பது இது:

'14 குழி, பசு விதியோடு பல்லாங்குழி. நெட் இல்லாமல் ஒரே போனில் இருவர் ஆடலாம்.'

கன்சோல் கணக்கில் 74. இதில் ஒவ்வொரு சொல்லும் ஒரு கேள்விக்குப் பதில். பல்லாங்குழி ஊருக்கு ஊர் மாறும். குழியில் நான்கு முத்து சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்கிற ஆட்டமா என்பது தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வி. நெட் வேண்டுமா என்பது பேருந்தில் ஆட நினைப்பவரின் கேள்வி. ஒரே போனில் இருவர் என்பதை அம்மாவோடு ஆட நினைக்கும் பிள்ளை தேடுவார். இணையத்தில் முகம் தெரியாதவரோடு ஆட வேண்டும் என்று வருகிறவர் இதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போவார். போகட்டும். அவர் நிறுவிவிட்டு ஒரு நட்சத்திரம் போடுவதைவிட அது மேல்.

பலன் தெரிந்ததா என்றால், தெரிந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. நிறுவுகிறவர்கள் பெரிதாகக் கூடவில்லை. 'இதில் ஆன்லைன் இல்லையா', 'இது எந்த ஊர் ஆட்டம்' என்ற விமர்சனங்கள்தான் குறைந்தன.

கீவேர்டு விஷயத்துக்கு வருவோம். பிளே ஸ்டோரில் கீவேர்டுக்கென்று தனிப் பெட்டி கிடையாது. டைட்டில், ஷார்ட் டிஸ்கிரிப்ஷன், முழு விவரம், இவற்றிலிருந்துதான் தேடல் பொருத்திக்கொள்கிறது. அதற்காகச் சொற்களை அடுக்கிப் பட்டியலாக எழுதினால் அது விதிமீறல். வேறு கேம்களின் பெயரை இழுப்பதும் அப்படியே. எங்களுக்கு ஒருமுறை 'ரேங்க் ஏற்றித் தருகிறோம்' என்று வந்த ஒரு சேவைக்காரர் அனுப்பிய மாதிரி விவரத்தில் கேரம், லூடோ எல்லாம் இருந்தன. நன்றி சொல்லி அனுப்பிவைத்தோம்.

எங்களுக்கு உண்மையான பிரச்சினை ஆங்கில எழுத்துக்கூட்டல். `pallanguzhi`, `pallankuzhi`, `pallanguli`, `pallankuli` என்று ஆளுக்கொரு விதமாகத் தட்டுவார்கள். எதை முதன்மையாக வைப்பது? என் வழி எளிமையானது. கேமை ஒருபோதும் நிறுவாத ஒருவரின் போனை வாங்கி, ஸ்டோர் தேடல் பெட்டியில் `palla` வரை தட்டி, எதைப் பரிந்துரைக்கிறது என்று பார்ப்பது. சொந்த போனில் பார்த்துப் பயனில்லை, நம் பழைய தேடல்களையே அது திருப்பிக் காட்டும். பரிந்துரையில் மேலே வந்த எழுத்துக்கூட்டலை டைட்டிலில் வைத்தோம். இன்னொன்றை முழு விவரத்தின் முதல் பத்தியில், 'இப்படியும் எழுதுவார்கள்' என்று ஒரு வாக்கியமாகச் சேர்த்தோம். மீதியை விட்டுவிட்டோம். சிறிய எழுத்துப் பிழையோடு தேடினாலும் கேம் வருகிறது. ஆகவே நாலையும் திணிக்கத் தேவை இருக்கவில்லை.

அடுத்து `mancala`. உலகம் முழுக்க இந்தக் குழி ஆட்டக் குடும்பத்துக்கு அதுதான் பொதுப்பெயர். தேடுகிறவர்களும் அதிகம். டைட்டிலில் அதைச் சேர்த்தபோது நிறுவுகிறவர்கள் சட்டென்று கூடினார்கள். ஆனால் வெளிநாட்டில் அந்தச் சொல்லைத் தட்டுகிறவர் மனதில் இருப்பது பெரும்பாலும் கலா என்ற வகை. பக்கத்துக்கு ஆறு குழி, ஓரத்தில் ஒரு பெரிய சேமிப்புக் குழி. நம்முடையதில் பக்கத்துக்கு ஏழு, பசு வேறு. வந்தவர்கள் 'பலகையே தப்பு' என்று எழுதிவிட்டு அன்றே நீக்கினார்கள். டைட்டிலிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தோம். இப்போது ஆங்கில முழு விவரத்தில் ஒரே ஒருமுறை இருக்கிறது, ஏழு குழி கொண்ட தென்னிந்திய வகை என்ற விளக்கத்தோடு. அதைப் படித்து வருகிறவர் குறைவு, ஆனால் தங்குகிறார்.

கன்சோலில் எந்தத் தேடல் சொல்லிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு அறிக்கை உண்டு. பயனுள்ளது. ஆனால் எங்களைப் போன்ற சின்ன கேமுக்குப் பாதிச் சொற்கள் 'மற்றவை' என்ற ஒரே வரியில் மறைந்துவிடும். இரண்டு விவரங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை வசதியும் இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்தது, நிறுவியவர்களை மட்டும் காட்டாமல், ஒரு நாளாவது வைத்திருந்தவர்களைத் தனியாகக் காட்டுவது. டைட்டிலை அந்த வசதியில் சோதிக்க முடியாது, ஆகவே `mancala` விஷயத்தில் நிறுவியவர்களுக்கும் நீக்காமல் வைத்திருந்தவர்களுக்கும் இடையே விழுந்த இடைவெளியைப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம். வருகை குறைவான பக்கம் என்றால் சோதனை மாதக்கணக்கில் ஓடினாலும் 'போதிய தரவு இல்லை' என்றே நிற்கும். ஒரு சொல்லை மாற்றிச் சோதிப்பது எங்கள் அளவுக்கு வீண். வாக்கியத்தையே மாற்றினால்தான் ஏதாவது தெரியும்.

ஒவ்வொரு அப்டேட்டிலும் என்ன மாறியது என்று எழுதும் ரிலீஸ் நோட்ஸை நான் ஆரம்பத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, யாரும் எடுத்துக்கொள்வதில்லை. 'பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்று ஒட்டிவிட்டுப் போகிற உலகம் இது. தானாகவே அப்டேட் ஆகும் போன்களில் அதை யாரும் படிப்பதுமில்லை. படிப்பவர்கள் இரண்டு வகை: ஏதோ கோளாறு வந்து, சரியாகிவிட்டதா என்று தேடி வருகிறவர், அப்புறம் நேற்று இருந்தது இன்று காணோமே என்று கோபத்தில் வருகிறவர். இந்த இருவருக்காக எழுதினால் போதும்.

எங்களிடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆட்டம் குழிக்கு 5 முத்தோடு தொடங்கிக்கொண்டிருந்தது. நிறையப் பேர் 6 கேட்டதால் நண்பர் அதை மாற்றினார். பழைய 5 எங்கும் போகவில்லை, அமைப்புகளுக்குள் இருந்தது. ஆனால் 5 முத்து வைத்தே வளர்ந்தவர்களுக்கு இது அத்துமீறல். 'எங்க ஆத்தா ஆடுன கணக்கு இது இல்ல' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு அடுத்த வெளியீட்டில் நோட்ஸை இப்படி வைத்தோம்:

```
<ta-IN>
தொடக்கத்தில் குழிக்கு 6 முத்து.
பழையபடி 5 வேண்டுமா? அமைப்புகள் > விதிகள் > முத்து.
ஆட்டத்தின் நடுவே அழைப்பு வந்தால் ஆட்டம் இனி அழியாது.
</ta-IN>
```

ஒரு மொழிக்கு 500 எழுத்து வரை எழுதலாம். இதற்கு அவ்வளவு தேவையே இல்லை. மாற்றம் என்ன, பழையது எங்கே, எந்தக் கோளாறு போனது என்ற மூன்றும் வந்துவிட்டன. கோளாறை எழுதும்போது அதன் காரணத்தை எழுதாமல், ஆடுகிறவர் அதை எப்படிப் பார்த்திருப்பாரோ அப்படி எழுதுவேன். நினைவகம், சேமிப்புக் கோப்பு என்றெல்லாம் சொன்னால் அழைப்பு வந்து ஆட்டம் போனவருக்கு அது தன் பிரச்சினைதான் என்று தெரியாது. இதே வரிகளை `en-IN` நோட்ஸிலும் ஆங்கிலத்தில் போட்டோம், மேலே சொன்ன காரணத்துக்காகத்தான்.

நோட்ஸ் மட்டும் போதாது. குறை எழுதியவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதினோம். பதிலுக்கு 350 எழுத்துதான் அனுமதி, ஆகவே நோட்ஸின் வரியையே எடுத்து, எந்தப் பதிப்பில் வந்தது என்று சேர்த்தால் முடிந்தது. பதில் எழுதியது அவருக்கு அறிவிப்பாகப் போகும், விமர்சனத்தை அவர் மாற்றவும் செய்யலாம். ஆத்தா கணக்குக்காரர் நட்சத்திரத்தைக் கூட்டினார், வாக்கியத்தை மட்டும் அழிக்காமல் விட்டார். அப்டேட் எல்லோருக்கும் போய்ச் சேருவதற்கு முன்பே பதில் எழுதுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். படிப்படியாக வெளியிடும்போது முதலில் ஒரு சிறு பங்கு போன்களுக்குத்தான் போகும். 'சரியாகிவிட்டது' என்று நாம் சொல்ல, அவர் போனில் பழையதே இருந்தால் கோபம் இரட்டிப்பாகும்.

ஐபோனுக்கும் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு ஒரு சொல். அங்கே இந்தப் பக்கத்தை அப்படியே நகலெடுத்தால் வேலைக்கு ஆகாது. பெயருக்கு 30, துணைத்தலைப்புக்கு 30 எழுத்து. கீவேர்டுக்கு 100 அளவில் தனிப் பெட்டி, கமா போட்டு இடைவெளி விடாமல் எழுத வேண்டும். பெயரில் இருக்கும் சொல்லை அதில் திரும்பப் போட்டால் இடம்தான் வீண். விவரத்தில் எழுதுவது தேடலில் சேராது, ஆகவே எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளெல்லாம் அந்தப் பெட்டிக்குப் போக வேண்டும். பெட்டியை மாற்றப் புதிய பதிப்பு அனுப்பியாக வேண்டும். விவரத்துக்கு மேலே வரும் 170 எழுத்து விளம்பர வாசகத்தை மட்டும் பரிசீலனை இல்லாமல் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.