பெயிண்ட் சாம்பிளைச் சுவரில் அடிப்பதா, பலகையில் அடிப்பதா?

திருநகரில் எங்கள் வீட்டு ஹாலுக்கு வெளிர் சாம்பல் நிறம் என்று முடிவு செய்து, சின்ன சாம்பிள் டப்பா ஒன்று வாங்கி வந்து சுவரில் ஒரு கட்டம் அடித்தோம். கடையில் சுத்தமான சாம்பலாக இருந்தது, வீட்டுச் சுவரில் ஊதா அடித்தது. ராத்திரி பார்த்தால் மங்கிய மஞ்சள். கலவையில் தப்பு என்று நினைத்து டப்பாவோடு கடைக்குத் திரும்பினேன்.

கடைக்கார அண்ணாச்சி மறுத்தும் பேசவில்லை, மாற்றித் தருகிறேன் என்றும் சொல்லவில்லை. ஒரு வெள்ளை அட்டையில் இரண்டு கோட் தடவிக் காயவிட்டார். காய்ந்ததும் ஷேட் கார்டின் பக்கத்தில் வைத்து டியூப் லைட்டில் காட்டினார், அப்புறம் வாசலுக்குக் கூட்டிப்போய் வெயிலில் காட்டினார். இரண்டு இடத்திலும் அட்டையும் கார்டும் ஒன்றாகவே இருந்தன.

"டியூப் லைட்ல ஒத்துப்போயி வெயில்ல வந்து பிரிஞ்சா, கலவை தப்பு தம்பி, நான் மாத்தித் தரணும். ரெண்டுலயும் ஒத்துப்போச்சுன்னா பெயிண்ட் சரி. உங்க வீடுதான் அதுக்கு வேற சாயம் பூசுது. தரை என்ன தரை?"

சிவப்பு ஆக்சைடு தரை என்றேன். பழைய சுவர் என்ன கலர், என்ன பல்பு என்று அடுத்தடுத்துக் கேட்டார். பழைய சுவர் மஞ்சள் கலந்த கிரீம். பல்பு 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம். அவர் கடையில் 6500 கெல்வின் வெள்ளை லைட். அவர் சொன்ன கணக்கு இதுதான்: மஞ்சளை ஒட்டிச் சாம்பலை வைத்தால் கண்ணுக்கு அது நீலமோ ஊதாவோ கலந்ததாகத் தோன்றும். மேற்கு ஜன்னல் வழியே வரும் வெயில் சிவப்புத் தரையில் பட்டு, சுவரின் கீழ்ப்பாதியில் ரோஸ் ஏற்றும். ராத்திரி மஞ்சள் பல்பு எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும். சாம்பலுக்குச் சொந்த நிறம் குறைவு, அதனால் இது மூன்றும் அதில் பளிச்சென்று தெரியும்.

"சுவத்துல அடிக்காதீங்க. பலகையில அடிச்சுப் பாருங்க" என்று அனுப்பினார்.

இரண்டையும் செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், நான் பலகை பக்கம். சுவரில் அடிப்பது சுலபம், செலவும் இல்லை. ஆனால் அது அடித்த இடத்தைவிட்டு நகராது, சுற்றிலும் பழைய நிறம் இருந்துகொண்டே இருக்கும். கட்டத்தின் ஓரத்தில் பெயிண்ட் தடித்து நிற்பதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காவிட்டால், புதுப் பெயிண்ட் அடித்த பிறகும் சாய்வெளிச்சத்தில் வரம்பு தெரியும்.

பலகைக்கு ஆசாரியிடம் இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் துண்டு ஒன்று வாங்கினேன். ஒரு கோட் பிரைமர், மேலே இரண்டு கோட் எமல்ஷன், கோட்டுக்கு இடையே நாலு மணி நேரம். ஈரமாக இருக்கும்போது பார்த்து முடிவெடுக்கக் கூடாது. எமல்ஷன் காய்ந்தால் நிறம் பெரும்பாலும் கொஞ்சம் அழுத்தமாகிவிடும். பிறகு பலகையை ஹாலில் சுற்றவிட்டேன். காலை எட்டு மணிக்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில். மாலை நாலு மணிக்குத் தரையை ஒட்டி. ராத்திரி பல்புக்கு நேரே. ஒவ்வொரு தடவையும் பின்னால் வெள்ளை சார்ட் பேப்பர் ஒட்டிப் பழைய கிரீமை மறைத்தேன்.

சார்ட் பேப்பர் வைத்ததுமே ஊதா முக்கால்வாசி போய்விட்டது. அது பழைய சுவர் செய்த வேலை. ஆனால் தரையை ஒட்டி வைத்தபோது ரோஸ் அப்படியே நின்றது. தரையை நான் மாற்றப்போவதில்லை. அதனால் அதே கார்டில், துளி பச்சை கலந்த பக்கத்துச் சாம்பலை வாங்கி, பலகையின் மறுபக்கத்தில் அடித்தேன். மாலையில் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது பச்சை ரோஸை அடக்கிவிட்டது, சாம்பல் சாம்பலாகவே நின்றது. சுவரில் அடித்த கட்டத்தை வைத்து இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

பலகையிலும் தெரியாத விஷயம் உண்டு. நாலு சுவரும் அடித்து முடிந்தால் ஒன்றின் நிறம் மற்றதில் விழுந்து, பலகையில் பார்த்ததைவிட அழுத்தமாகத் தெரியும். அதை நினைத்துத்தான் நாங்கள் ஒரு படி வெளிறியதை எடுத்தோம். அது சரியான அளவா என்பதற்கு எனக்கு எங்கள் ஹால் ஒன்றுதான் அனுபவம். பட்டி பார்க்காத சொரசொரப்பான சுவருக்குப் பலகை பொருந்தாது, பலகை வழவழப்பானது. அங்கே சுவரிலேயே அடித்துப் பார்ப்பதுதான் சரி. வெளிச்சுவருக்கு நான் இதைச் செய்து பார்த்ததில்லை.

ராத்திரி மட்டும் புதுச் சாம்பல் லேசாகக் காக்கி பக்கம் போனது. பெயிண்டைத் தொடாமல், பல்பை 4000 கெல்வினுக்கு மாற்றினோம்.