டக்ட் கிளீனிங் என்று வந்து ஐந்து மடங்கு பணத்தைப் பறித்துக்கொண்டு போனார்கள்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. சென்ட்ரல் ஏசியின் காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் டக்ட் முழுக்கச் சுத்தம் செய்கிறோம் என்று மலிவாக ஒரு தொகை சொல்லித்தான் வந்தார்கள். கடைசியில் வாங்கிக்கொண்டு போனது அதைப்போல ஐந்து மடங்கு.

வந்தவர் பொறுமையாகப் பேசினார். அறைக்குள் காற்று வரும் கிரில்லைக் கழற்றி, டக்டுக்குள் டார்ச் அடித்து, போனில் படமெடுத்துக் காட்டினார். கிரில் ஓரத்தில் கறுப்புத் திட்டு. "பாருங்க சார், பூஞ்சை. குழந்தைங்க இருக்கிற வீடு, இப்படியே விட்டா மூச்சுத் தொந்தரவு வரும்" என்றார். குழந்தைகள் பேச்சை எடுத்த பிறகு யார்தான் பேரம் பேசுவார்கள்? மருந்துப் புகை அடித்தார்கள், சின்ன வேக்குவமின் குழாயைக் கிரில்லுக்குள் கை எட்டும் தூரம் விட்டு இழுத்தார்கள், ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பிவிட்டார்கள்.

ஈர வாடை போகவே இல்லை. போன் செய்தால் முதலில் "மருந்து செட்டாகணும் சார்", அப்புறம் "அது உங்க பேக்கேஜில் வராது", இப்போது எடுப்பதே இல்லை.

வழக்கமாக வரும் ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டு உள் யூனிட்டைத் திறந்தால், காற்றைக் குளிர வைக்கும் காயில் முழுக்கத் தூசி, காற்றைத் தள்ளும் ப்ளோயர் இறக்கைகளில் விரல் தடிமனுக்குப் படிவு, தண்ணீர் வடியும் தட்டில் வழவழவென்று பாசி. வாடை அங்கிருந்துதான் வருகிறது. ஐந்து மடங்கு வாங்கியவர்கள் அந்த மூடியைத் தொடக்கூட இல்லை! கிரில்லில் இருந்த கறுப்பு? அறைத் தூசி, குளிர்ந்த கிரில்லின் ஈரத்தில் ஒட்டியது. துணியால் துடைத்தார், போய்விட்டது.

டக்ட் சுவரில் ஒட்டிய தூசி பெரும்பாலும் அங்கேயேதான் கிடக்கும், காற்றோடு அறைக்குள் வருவதில்லை. டக்டைச் சுத்தம் செய்தால் நோய் வராது என்று நிரூபணமானதே இல்லை என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே சொல்கிறது. உள்ளே கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பூஞ்சை, எலி அல்லது பூச்சித் தொல்லை, அடைத்துக்கொண்டு கிரில் வழியாக அறைக்குள் கொட்டும் தூசி, இவற்றில் ஒன்று இருந்தால்தான் கூப்பிடச் சொல்கிறது. அப்படியே பூஞ்சை இருந்தாலும் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சரிசெய்யாவிட்டால் திரும்ப வரும்.

விவரமாக எழுத நினைத்தேன், கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. பூஞ்சை என்றால் நம்பாதீர்கள், செலோடேப்பில் ஒற்றி லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். டக்டோடு பெரிய வேக்குவத்தை இணைத்துக் காற்றை இழுத்தபடியே உள்ளே பிரஷ் விட்டுத் தேய்ப்பார்களா, காயில், ப்ளோயர், தட்டு எல்லாம் சேர்த்தா என்று எழுத்தில் வாங்குங்கள். டக்டின் உள்பக்கக் கண்ணாடியிழை நனைந்து பூஞ்சை பிடித்திருந்தால் அதைச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். இப்பவே மருந்து அடிக்கணும் என்று அவசரப்படுத்தினால் பணம் கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள்.