அகோனிஸ்ட் ட்ரிகரா டூயல் ட்ரிகரா, 28 ஃபாலிக்கிள் இருக்குறப்போ எது?

ஐ.வி.எஃப்ல ஃபாலிக்கிள், அதாவது ஓவரில முட்டை வளர்ற நீர்ப்பைலேர்ந்து முட்டைய எடுக்குறதுக்கு முன்னாடி, அத முதிர வைக்கப் போடுற கடைசி ஊசிதான் ட்ரிகர். டூயல் ட்ரிகர்னா அகோனிஸ்ட் ட்ரிகரையே கொஞ்சம் பவர் ஏத்திக் கொடுக்குறதுன்னு நிறைய பேர் நெனச்சிட்டிருக்காங்க, ஒரு ஊசிக்கு ரெண்டு ஊசி நல்லதுதானேன்னு. ஆனா ரெண்டாவதா சேர்ற அந்த எச்.சி.ஜி ஊசி எதுக்காகப் போடுறாங்க, எவ்ளோ போடுறாங்கன்றத வெச்சுத்தான் அது நல்லதா வம்பான்னு சொல்ல முடியும்.

முதல்ல பழைய முறை. முட்டை எடுக்குறதுக்கு சுமார் 36 மணி நேரம் முன்னாடி 5000லேர்ந்து 10000 யூனிட் எச்.சி.ஜி போடுவாங்க. நம்ம உடம்புல இயற்கையா வர்ற எல்.எச் ஹார்மோன் வேலையத்தான் இது செய்யுது, ஆனா ஒரு பெரிய வித்தியாசம். எல்.எச் ரத்தத்துல ஒரு மணி நேரத்துக்குள்ளயே பாதியா கொறைஞ்சிடும், எச்.சி.ஜி பாதியாக ஒரு நாளுக்கு மேல ஆகும். அதனால முட்டைய எடுத்து முடிச்சப்புறமும் ஒரு வாரத்துக்கு ஓவரிய அது தூண்டிக்கிட்டே இருக்கும். ஓவரி அப்போ வி.இ.ஜி.எஃப்னு ஒரு பொருள நிறைய விடும், அது ரத்தக்குழாய் சுவத்த லூஸாக்கி தண்ணிய வயித்துக்குள்ள கசிய விடும், ரத்தம் கெட்டியாகும். ஓவரி அளவுக்கு மீறி தூண்டப்படுறதால வர்ற ஓ.எச்.எஸ்.எஸ்ஸோட கதையே இவ்ளோதான்.

அகோனிஸ்ட் ட்ரிகர் வெளியிலேர்ந்து எல்.எச் கொண்டு வராது. பிட்யூட்டரி சுரப்பி சேத்து வெச்சிருக்குற எல்.எச்சையும், ஃபாலிக்கிள வளர்க்குற எஃப்.எஸ்.எச் ஹார்மோனையும் ஒரே அடியா வெளிய விட வைக்கும், வழக்கமா டிரிப்டோரெலின் 0.2 மில்லிகிராம். அந்த அலை 24லேர்ந்து 36 மணி நேரத்துல அடங்கிடும், இயற்கையா வர்ற அலையோ ரெண்டு நாள் கிட்ட நிக்கும். முட்டை முதிர இந்தச் சின்ன அலையே போதும், ஆனா அதுக்கப்புறம் ஓவரிய தூண்ட ஆள் இல்லாததால அது சுருங்க ஆரம்பிச்சிடும், வி.இ.ஜி.எஃப்பும் இறங்கிடும். தீவிரமான ஓ.எச்.எஸ்.எஸ் கிட்டத்தட்ட இல்லாமப் போறது இதனாலதான் (கிட்டத்தட்டன்னு சொல்றேன், அபூர்வமா வந்த கேஸும் உண்டு). இதுக்கு பிட்யூட்டரி தூங்காம இருக்கணும், அதனால எல்.எச் முன்கூட்டியே எழும்பாம தடுக்குற ஆன்டகோனிஸ்ட் ஊசி போட்டு நடத்துற சைக்கிள், இல்ல புரோஜெஸ்டின் மாத்திரை கொடுத்து நடத்துற சைக்கிள்லதான் வேலை செய்யும். லாங் புரோட்டோகால்ல சுரப்பிய ஏற்கனவே அடக்கி வெச்சிருப்பாங்க, அங்க இத போட்டு பிரயோஜனம் இல்ல.

இப்போ ஒரு கேஸ், உதாரணத்துக்குத்தான். 29 வயசு, பி.சி.ஓ.எஸ், முட்டை கையிருப்பக் காட்டுற ஏ.எம்.எச் 7, ஆன்டகோனிஸ்ட் சைக்கிள். ட்ரிகர் அன்னிக்கு 28 ஃபாலிக்கிள், எஸ்ட்ராடையால் 4200, எல்.எச் 0.6. ராத்திரி 10 மணிக்கு அகோனிஸ்ட் மட்டும் போடுறாங்க. மறுநாள் காலைல 10 மணிக்கு ரத்தம் எடுத்து எல்.எச் பாத்தா 45, புரோஜெஸ்டிரோனும் ஏறியிருக்கு. பிரச்சனையே இல்ல, அதுக்கடுத்த நாள் காலைல 10 மணிக்கு முட்டை எடுக்குறாங்க. 23 முட்டை வருது, சுத்தி ஒட்டியிருக்குற செல்லையெல்லாம் லேப்ல நீக்கிட்டுப் பாத்தா 18 முட்டை எம்-டூ, அதாவது பக்கத்துல குட்டியா போலார் பாடி தெரியுற, முழுசா முதிர்ந்த முட்டை. மூணு பாதி முதிர்ந்த எம்-ஒன், ரெண்டு இன்னும் ஆரம்ப நிலையிலயே இருக்கு. இது நல்ல விகிதம்தான். அகோனிஸ்ட் மட்டும் போட்டா முட்டை முதிராதுன்னு ஒரு பயம் சுத்திட்டிருக்கு, பிட்யூட்டரி ஒழுங்கா பதில் சொன்னா எச்.சி.ஜிக்கு எந்த விதத்துலயும் கொறையாம முதிர்ந்த முட்டை கிடைக்கும், கூட வர்ற எஃப்.எஸ்.எச்சும் அதுக்கு உதவுதுன்னு சொல்றாங்க.

விலை ஒண்ணு இருக்கு. ஓவரி அவ்ளோ சீக்கிரம் அடங்குறதால கர்ப்பப்பைய தாங்க வேண்டிய ஹார்மோனும் இறங்கிடும், அந்த மாசமே எம்ப்ரியோ வெச்சா கர்ப்பம் தங்குற வாய்ப்பு குறையும். அதனால எல்லா எம்ப்ரியோவையும் ஃப்ரீஸ் பண்ணிட்டு பின்னாடி வைக்கிறது.

இதே பொண்ணுக்கு டூயல் போட்டிருந்தா? அகோனிஸ்ட்டோட 1000லேர்ந்து 1500 யூனிட் எச்.சி.ஜி சேத்திருப்பாங்க. முட்டை எண்ணிக்கைல பெருசா எதுவும் மாறியிருக்காது, ஏன்னா அவங்க அலை ஏற்கனவே நல்லா வந்திருக்கு. அந்த சின்ன டோஸோட முக்கியமான வேலை, ஓவரிய முழுசா சுருங்க விடாம வெச்சு அந்த மாசமே டிரான்ஸ்ஃபர் பண்ண வழி விடுறது. ஆனா 28 ஃபாலிக்கிள் இருக்குறவங்களுக்கு 1500 யூனிட்டே கூட தண்ணி கோத்துக்க வைக்கலாம், அதுக்கு மேல கர்ப்பம் தங்கிட்டா கர்ப்பமே எச்.சி.ஜி சுரக்கும், பத்து நாள் கழிச்சு ரெண்டாவது ரவுண்டு ஓ.எச்.எஸ்.எஸ் வரலாம், அது மோசமானது. எப்படியும் ஃப்ரீஸ்தான்னு முடிவு பண்ணியாச்சுன்னா இவங்களுக்கு டூயல் எதுக்குன்னு என்னால புரிஞ்சுக்க முடியல, ரிஸ்க்க திரும்ப உள்ள கூப்பிடுறதுதான்.

ஒரே ஒரு இடத்துல என் பேச்ச மாத்திப்பேன். அதே பொண்ணுக்கு அந்த காலை டெஸ்ட்ல எல்.எச் 45 வராம 7 வந்திருக்குன்னு வெச்சுக்குங்க. 15க்கு கீழ இருந்தா அலை சரியா எழும்பலன்னு பொதுவா எடுத்துக்குவாங்க. அப்படியே போய் எடுத்தா ஊசிய உள்ள விட்டு ஃபாலிக்கிள கழுவிக் கழுவிப் பாத்தாலும் முட்டை வராது, இல்ல ரொம்ப கம்மியா வரும். ரொம்ப ஒல்லியா இருக்குறவங்க, மாசக்கணக்கா கருத்தடை மாத்திரை எடுத்தவங்க, ஆரம்பத்துலயே எல்.எச் ரொம்ப அடில இருக்குறவங்க, இவங்களுக்குத்தான் இது அதிகம் நடக்கும், நம்ம கேஸ்ல அந்த 0.6 ஒரு சின்ன எச்சரிக்கைதான். இப்போ வழி என்னன்னா எடுக்குற நேரத்த தள்ளி வெச்சு எச்.சி.ஜி போட்டு, அதுலேர்ந்து 36 மணி நேரம் கழிச்சு எடுக்குறது. ரிஸ்க் திரும்பி வருது, அதனால கொறைஞ்ச டோஸ், எல்லாத்தையும் ஃப்ரீஸ், கூடவே தண்ணி கசியுறத கொறைக்க பலர் கேபர்கோலின் 0.5 மில்லிகிராம் ஒரு வாரத்துக்கு தினம் கொடுப்பாங்க. இந்த மாதிரி பிட்யூட்டரி சொதப்பும்னு முன்னாடியே சந்தேகம் இருந்தா, சின்ன டோஸ் எச்.சி.ஜிய ஆரம்பத்துலயே சேத்து டூயலா போடுறது ஒரு இன்சூரன்ஸ், அதுல நியாயம் இருக்கு. சந்தேகமே இல்லாதவங்களுக்கு காலைல ஒரு ரத்த டெஸ்ட்டே போதும், ஆனா அத பண்ணாம விடுறவங்களும் இருக்காங்க, அதுதான் எனக்கு எரிச்சல்.

இன்னொரு டூயல் இருக்கு, பேரு அதேதான், வேலை வேற. 36 வயசு, 11 ஃபாலிக்கிள், ஓ.எச்.எஸ்.எஸ் பயமே கிடையாது, ஆனா போன தடவ எச்.சி.ஜி மட்டும் போட்டு எடுத்த 9 முட்டைல 4தான் எம்-டூ. இங்க அகோனிஸ்ட்டோட எச்.சி.ஜி முழு டோஸும் சேத்துப் போடுவாங்க, நோக்கம் முதிர்ச்சி மட்டுமே. எச்.சி.ஜி நீளமா தூண்டும், அகோனிஸ்ட் எஃப்.எஸ்.எச்சையும் சேத்து விடும், இப்படிப்பட்டவங்களுக்கு முதிர்ந்த முட்டை கூடுதலா கிடைக்குதுன்னு காட்டுன ஆய்வுகள் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி போன தடவ ஸ்கேன எடுத்துப் பாக்கணும். அந்த 9ல பாதி 12 மில்லிமீட்டருக்கும் சின்ன ஃபாலிக்கிள்லேர்ந்து வந்ததுன்னா ட்ரிகர் மேல பழி போடக்கூடாது, இன்னும் ரெண்டு நாள் ஊசிய தள்ளிப் போட்டிருக்கணும். எல்லா ஃபாலிக்கிளும் 17, 18ன்னு இருந்தும் முதிரலன்னாதான் டூயலுக்கு வேலை.