பவர் ஹவுஸ் செலவா, மெயின்டனன்ஸ் செலவா, எதை முதல்ல பிரிக்கிறது? டைரக்ட், ஸ்டெப், சமன்பாடு மூணையும் ஒரே கணக்குல போட்டுப் பாப்போம்

சர்வீஸ் டிபார்ட்மென்ட் செலவைப் பிரிக்க மூணு வழி இருக்குன்னு எல்லா காஸ்டிங் புக்லயும் போட்டிருக்கும். டைரக்ட் சுமாரானது, ஸ்டெப் அதைவிட நல்லது, ரெசிப்ரோகல்தான் சரியானதுன்னு ஒரு வரிசையா சொல்லிக் கொடுத்துடுறாங்க. இதுல அந்த நடு வரிதான் எனக்கு ஒத்துக்க முடியல, ஏன்னா ஸ்டெப் முறை சில சமயம் டைரக்டை விட மோசமான பதிலைக் கொடுக்கும், அதை ஒரு கணக்குலயே காட்டிடலாம்.

ஒரு மில்லுன்னு வச்சுக்கோங்க. உற்பத்தி பக்கம் ஸ்பின்னிங், வீவிங் ரெண்டு. சர்வீஸ் பக்கம் பவர் ஹவுஸ், மெயின்டனன்ஸ் ரெண்டு. ஒரு மாசத்துல பவர் ஹவுஸோட சொந்தச் செலவு 2,40,000 ரூபாய், மெயின்டனன்ஸுக்கு 1,70,000, மொத்தம் 4,10,000. பவர் ஹவுஸ் கொடுக்கிற கரண்ட்ல 50% ஸ்பின்னிங், 40% வீவிங், மிச்சம் 10% மெயின்டனன்ஸ் ஒர்க்‌ஷாப்ல இருக்கிற லேத், வெல்டிங் மெஷினுக்குப் போகுது. மெயின்டனன்ஸ் ஆளுங்க நேரத்துல 20% ஸ்பின்னிங், 50% வீவிங், 30% ஜெனரேட்டரைப் பாத்துக்கவே போயிடுது. சிக்கல் இந்த 10%, 30% ரெண்டுலதான், பவர் ஹவுஸ் செலவு தெரியணும்னா மெயின்டனன்ஸ் செலவு தெரியணும், அது தெரியணும்னா இது தெரியணும்.

டைரக்ட் முறை இந்த கொடுக்கல் வாங்கலையே கண்டுக்காது. பவர் செலவை 5:4ன்னு, மெயின்டனன்ஸ் செலவை 2:5ன்னு நேரா உற்பத்திக்குத் தள்ளிடும். ஸ்பின்னிங் தலையில 1,81,905 வருது, வீவிங்குக்கு 2,28,095.

ஸ்டெப் முறையில ஒரு டிபார்ட்மென்டோட செலவை முதல்ல மத்ததுக்குப் பிரிச்சு அதோட கணக்கை மூடணும், மூடினதுக்கு அப்புறம் அதுக்குத் திரும்ப எதுவும் போடக் கூடாது. எதை முதல்ல மூடுறதுங்கிறதுக்கு ரெண்டு வழக்கம் இருக்கு. செலவு பெருசா இருக்கிறதை முதல்லன்னு சிலர், மத்த சர்வீஸ் டிபார்ட்மென்டுக்கு அதிகமா சேவை கொடுக்கிறதை முதல்லன்னு சிலர். இங்க ரெண்டும் வேற வேற பதில் சொல்லுது. பெரிய செலவுன்னு பாத்தா பவர் ஹவுஸ் முதல்ல, அப்போ மெயின்டனன்ஸுக்கு 24,000 போய் அது 1,94,000 ஆகுது, அதை 2:5ல பிரிச்சு முடிச்சா ஸ்பின்னிங்குக்கு 1,75,429. அதிக சேவைன்னு பாத்தா மெயின்டனன்ஸ் முதல்ல (30% கொடுக்குதே), பவர் ஹவுஸுக்கு 51,000 போய் அது 2,91,000 ஆகுது, அதை 5:4ல பிரிச்சா ஸ்பின்னிங்குக்கு 1,95,667. அதே மில், அதே மாசம், வரிசையை மாத்தினதுக்கே 20,000 ரூபாய்க்கு மேல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போயிடுது. வீவிங் மேனேஜர் வந்து என் டிபார்ட்மென்டுக்கு ஏன் இவ்ளோன்னு கேட்டா என்ன பதில் சொல்வீங்க?

இப்போ ரெசிப்ரோகல், அதாவது சமன்பாடு. பவர் ஹவுஸோட முழுச் செலவை P, மெயின்டனன்ஸோடதை M-ன்னு வச்சா,

```
P = 240000 + 0.3M
M = 170000 + 0.1P
```

ரெண்டாவது சமன்பாட்டை முதலாவதுக்குள்ள போட்டா 0.97P = 2,91,000, அதனால P = 3,00,000. அதை வச்சு M = 2,00,000. இனிமே பழைய சதவீதத்தையே வச்சுப் பிரிச்சா போதும். ஸ்பின்னிங்குக்கு 3,00,000ல 50%, 2,00,000ல 20%, ஆக 1,90,000. வீவிங்குக்கு 1,20,000 கூட 1,00,000 சேர்ந்து 2,20,000.

| முறை | ஸ்பின்னிங் | வீவிங் | சமன்பாட்டுல இருந்து விலகல் |
|---|---|---|---|
| டைரக்ட் | 1,81,905 | 2,28,095 | 8,095 |
| ஸ்டெப், பவர் முதல்ல | 1,75,429 | 2,34,571 | 14,571 |
| ஸ்டெப், மெயின்டனன்ஸ் முதல்ல | 1,95,667 | 2,14,333 | 5,667 |
| சமன்பாடு | 1,90,000 | 2,20,000 | – |

ரெண்டாவது வரியைப் பாருங்க. எதையும் கண்டுக்காத டைரக்ட் முறையை விட, பாதியை மட்டும் கண்டுக்கிட்ட ஸ்டெப் முறை அதிகமா தப்பிப் போயிருக்கு. காரணம், பவர் ஹவுஸை முதல்ல மூடினதால மெயின்டனன்ஸ் அதுக்குச் செஞ்ச பெரிய வேலை (30%) கணக்குல வராம போச்சு, சின்னதா இருந்த 10% மட்டும் வந்துச்சு, வந்த அந்த 24,000ம் பெரும்பாலும் வீவிங் தலையில விழுந்துச்சு. ஸ்டெப் போட்டே ஆகணும்னா மத்த சர்வீஸுக்கு அதிகம் கொடுக்கிறதுல இருந்து ஆரம்பிங்க, செலவோட சைஸைப் பாத்து வரிசை போடாதீங்க.

சமன்பாட்டு முறையில பசங்க தடுமாறுறது ஒரே இடத்துலதான். Pயும் Mமும் கூட்டினா 5,00,000 வருது, செலவானதோ 4,10,000, 90,000 எங்கிருந்து வந்துச்சுன்னு பயந்துபோய் 3,00,000த்தை 5:4ல பிரிச்சுடுறாங்க. அந்த 90,000 ரெண்டு டிபார்ட்மென்டும் ஒண்ணுக்கொண்ணு போட்டுக்கிட்ட பில், இங்கிருந்து 30,000, அங்கிருந்து 60,000. உற்பத்திக்குப் போறது 90%மும் 70%மும்தான், கடைசியில உற்பத்தி டிபார்ட்மென்ட் ரெண்டையும் கூட்டி 4,10,000 வரலைன்னா இந்தத் தப்பு நடந்திருக்குன்னு அர்த்தம்.

திரும்பத் திரும்பப் பிரிக்கிற முறையும் இருக்கு, 24,000 இங்க, 58,200 அங்க, 5,820 இங்கன்னு போயிட்டே இருக்கும், முதல் சுத்துக்கு அப்புறம் ஒவ்வொரு முழுச் சுத்துலயும் முந்தினதுல 3%தான் மிஞ்சும், அதனால சீக்கிரமே அதே 1,90,000த்துக்கு வந்து நின்னுடும். எக்ஸெல்ல ரெண்டு செல்லையும் ஒண்ணையொண்ணு பாக்க வச்சா சர்க்குலர் ரெஃபரன்ஸ்னு எச்சரிக்கை வரும், அதுக்குப் பதிலா நேரா இப்படி அடிச்சுடலாம்:

```
=(240000+0.3*170000)/(1-0.3*0.1)
```

அப்போ டைரக்ட் முறைக்கு இடமே இல்லையான்னா, இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல போறது ஒண்ணு ரெண்டு சதவீதம்தான்னா வித்தியாசம் பெருசா வராது, அங்க டைரக்டே போதும். ஆனா வெளியில வாங்கலாமான்னு முடிவு எடுக்கிற இடத்துல மட்டும் அதை நம்பாதீங்க. பவர் ஹவுஸ் அந்த மாசம் 40,000 யூனிட் கொடுத்துச்சுன்னு வைங்க. சொந்தச் செலவை வகுத்தா யூனிட் 6 ரூபாய், வெளியில 7 ரூபாய்னா வேண்டாம்னு தோணும். சமன்பாட்டுப்படி 3,00,000 வகுத்தல் 40,000, யூனிட் 7.50. எது சரின்னு மூடியே பாக்கலாம்: ஜெனரேட்டர் இல்லைன்னா மெயின்டனன்ஸ் வேலை 30% குறையுது, அதனால அவங்களுக்கு வேண்டிய கரண்டும் குறைஞ்சு வெளியில 38,800 யூனிட் வாங்கினா போதும், அதுக்கு 2,71,600. மிச்சமாகிறது 2,40,000 கூட மெயின்டனன்ஸ்ல 51,000, ஆக 2,91,000. மாசம் 19,400 லாபம், 2,91,000த்தை 38,800ஆல வகுத்தா அதே 7.50 வருது பாருங்க.

இது அப்படியே பொருந்தணும்னா அந்தச் செலவெல்லாம் வேலையோட சேர்ந்து குறையுற செலவா இருக்கணும். ஜெனரேட்டர் தேய்மானம், மெயின்டனன்ஸ் ஃபிட்டருங்களோட மாசச் சம்பளம் இதெல்லாம் மூடினாலும் நிக்காது, அதை 2,40,000லயும் 1,70,000லயும் இருந்து முதல்லயே கழிச்சுட்டு குறையுற செலவை மட்டும் வச்சு சமன்பாட்டைத் திரும்பப் போடணும். அப்படிப் போட்டு யூனிட் 7 ரூபாய்க்குக் கீழ வந்துச்சுன்னா ஜெனரேட்டரையே ஓட்டுங்க.