சம்மனா, வாரண்டா: எந்தத் தாளுக்கு அதிகம் பயப்பட வேண்டும்?

வாரண்ட் என்றால் கை கால் உதறும், சம்மன் என்றால் "பார்த்துக்கலாம்" என்று மேஜை டிராயருக்குள் போகும். கோர்ட் படி ஏறாதவர்கள் இந்த இரண்டையும் பெரும்பாலும் இப்படித்தான் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். கோர்ட்டில் தினமும் உழல்பவர்களைக் கேட்டால் கணக்கு மாறும். சம்மன் உங்கள் பெயருக்கு எழுதப்படுவது: இன்ன தேதியில், இன்ன நீதிமன்றத்துக்கு வாருங்கள். வாரண்ட் போலீசுக்கு எழுதப்படுவது: இன்னாரைப் பிடித்து என் முன் கொண்டு வாருங்கள். அதை உங்கள் வீட்டுக்குத் தபாலில் அனுப்ப மாட்டார்கள். கைது செய்யும்போது அதில் உள்ளதைச் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்டால் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே, உங்கள் கைக்கு வந்து யோசிக்க அவகாசம் தரும் தாள் சம்மன் மட்டுமே. நான் அதைத்தான் ஆபத்தானது என்பேன்.

முதலில் சம்மனைக் கையில் எடுத்துப் பாருங்கள். எந்த நீதிமன்றம், வழக்கு எண், என்ன பிரிவு, எந்தத் தேதி என்று இருக்கும். நீதிபதியின் கையெழுத்தும் கோர்ட் முத்திரையும் இருக்கும். குற்ற வழக்கு சம்மன் இரண்டு பிரதிகளாக வரும். ஒன்றை உங்களிடம் கொடுத்துவிட்டு, மற்றதன் பின்புறம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தக் கையெழுத்து "பெற்றுக்கொண்டேன்" என்பதற்கு மட்டுமே. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. இது தெரியாமல் "நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று வீறாப்பாகத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. வாங்க மறுத்ததால் சம்மன் இல்லாமல் போய்விடாது. செக் திரும்பிய வழக்கில் தபால்காரர் "வாங்க மறுத்தார்" என்று எழுதி அனுப்பினாலே, சம்மன் சார்வு ஆனதாக, அதாவது உங்களிடம் சேர்ந்ததாக, நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு வழக்கு எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். ஓ.எஸ். என்றிருந்தால் சிவில் வழக்கு. சொத்து, பாகப்பிரிவினை, பணம் வசூல் போன்றவை. அந்தத் தேதிக்குப் போகாவிட்டால் போலீஸ் வராது. நீங்கள் இல்லாமலே வழக்கு நடந்து எக்ஸ்பார்ட்டி டிகிரி எனப்படும் ஒருதலைத் தீர்ப்பு ஆகும். அதை ரத்து செய்ய மனுப் போட 30 நாள்தான். அதன்பின் தாமதத்துக்கும் சேர்த்துக் காரணம் சொல்ல வேண்டும். சி.சி. அல்லது எஸ்.டி.சி. என்றிருந்தால் குற்ற வழக்கு, அங்கே அடுத்த படி வாரண்ட். சாட்சியாக அழைக்கும் சம்மனும் இதே ரகம்தான். சாட்சி சொல்ல வராத இன்ஸ்பெக்டருக்கே பிடிவாரண்ட் என்று பேப்பரில் அடிக்கடி வருகிறதே, அது இதுதான்.

வாரண்டிலும் இரண்டு வகை. ஜாமீனில் விடத்தக்க வாரண்டில், இத்தனை ரூபாய்க்கு ஜாமீன் பத்திரமும் இத்தனை ஜாமீன்தாரரும் கொடுத்தால் விட்டுவிடலாம் என்று நீதிபதியே குறிப்பு எழுதியிருப்பார். பத்திரம் எழுதிக் கொடுத்தால் போலீசே விட்டாக வேண்டும். குறித்த நாளில் நீங்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். என்.பி.டபிள்யூ. எனப்படும் ஜாமீனில் விட முடியாத வாரண்டில் அந்தக் குறிப்பு இருக்காது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். விடுவதும் ரிமாண்ட் செய்வதும் மாஜிஸ்திரேட் கையில். செய்த குற்றம் ஜாமீனில் விடக்கூடியது, அப்புறம் எப்படி என்.பி.டபிள்யூ. என்று பலர் குழம்புவார்கள். குற்றத்தின் வகை வேறு, வாரண்டின் வகை வேறு. செக் வழக்கு ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். ஆனாலும் ஆள் வரவில்லை என்றால் என்.பி.டபிள்யூ. பிறக்கும்.

அது எப்படிப் பிறக்கிறது என்பதற்கு ஒரு கற்பனைக் கேஸை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் சின்னதாக பனியன் யூனிட் வைத்திருந்தவர், நூல் வாங்கியதற்கு இரண்டரை லட்சத்துக்குச் செக் கொடுக்கிறார். பணமில்லை என்று திரும்புகிறது. வங்கியின் மெமோ வந்த 30 நாளுக்குள் நூல் வியாபாரி வக்கீல் நோட்டீஸ் விடுகிறார். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் தரவில்லை. அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தாக்கலாகிறது. இதற்கிடையே நம்மவர் யூனிட்டை மூடிவிட்டு அவிநாசிப் பக்கம் குடிபோய்விட்டார். சம்மன் பழைய முகவரிக்குப் போகிறது. அங்கே இருக்கும் அம்மா வாங்கி, கையெழுத்துப் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறார்.

இந்த இடத்தில் சட்டம் கொஞ்சம் மாறியிருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், ஆள் வீட்டில் இல்லையென்றால் குடும்பத்தின் வயது வந்த ஆண் உறுப்பினரிடம்தான் சம்மனைக் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் "ஆண்" என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். ஆகவே அம்மாவிடம் கொடுத்தாலும் மனைவியிடம் கொடுத்தாலும் செல்லும். வேலைக்காரர் மட்டும் குடும்ப உறுப்பினர் ஆக மாட்டார். யாருமே இல்லாவிட்டால் வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிட்டுப் போகலாம்.

நம்மவர் முதல் வாய்தாவுக்கு வரவில்லை. கோர்ட் ஏட்டில் சம்மன் சார்வானதாகப் பதிவாகிறது. அடுத்த வாய்தாவில் பத்தாயிரம் ரூபாய் பத்திரம், இரு ஜாமீன்தாரர் என்று ஜாமீனில் விடத்தக்க வாரண்ட். போலீஸ் பழைய முகவரியில் தேடிவிட்டு, ஆள் இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. அதற்கடுத்து என்.பி.டபிள்யூ. இந்தப் படிவரிசையைத்தான் 2007-ல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது: முதலில் சம்மன், பிறகு ஜாமீனில் விடத்தக்க வாரண்ட், வேண்டுமென்றே தட்டிக்கழிக்கிறார் என்று நீதிமன்றம் திருப்தியடைந்தால் கடைசியாக என்.பி.டபிள்யூ. தனக்கு நேரே என்.பி.டபிள்யூ. போட்டுவிட்டார்கள் என்று வருகிறவர்களின் வழக்குக் கட்டைப் பிரித்தால், முதல் இரண்டு படிகளும் அவர்களுக்குத் தெரியாமலே நடந்து முடிந்திருக்கும்.

சம்மன் தேதி ஒரே ஒரு நாளுக்கானது. அன்றைக்கு நீங்களோ உங்கள் வக்கீலோ இல்லையென்றால் அது முடிந்த கதை. வாரண்டுக்கு அப்படிக் காலாவதி கிடையாது. போட்ட நீதிமன்றம் ரத்து செய்யும் வரை, அல்லது ஆளைப் பிடிக்கும் வரை உயிரோடு இருக்கும். இந்தியாவின் எந்த மூலையிலும் செல்லும். நம்மவர் விஷயத்தில் இரண்டு வருடம் எதுவும் நடக்காமல் இருந்து, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடும்போது கதை வெளிவரலாம். நிலுவையில் சம்மனோ வாரண்டோ இருந்தாலே பாஸ்போர்ட்டை மறுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அல்லது வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும். அந்த நேரத்தில் வக்கீலும் கிடைக்க மாட்டார், ஜாமீன்தாரரும் கிடைக்க மாட்டார். நடுவில் வருவது சனி, ஞாயிறு.

ஒரு சந்தேகம் வந்தவுடனே செய்ய வேண்டியது, ஈ-கோர்ட்ஸ் தளத்தில் (services.ecourts.gov.in) மாவட்டத்தையும் நீதிமன்றத்தையும் தேர்ந்தெடுத்து, பெயரையும் வருடத்தையும் போட்டுத் தேடுவது. வழக்கு இருந்தால், அடுத்த வாய்தா தேதியும் வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதும் தெரியும். அந்தக் கட்டத்தில் NBW என்று மூன்றெழுத்து இருந்தால் வாய்தா தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

வக்கீலோடு கோர்ட்டுக்குத் தானாகப் போய் நிற்பதும், பிடித்துக்கொண்டு போய் நிறுத்தப்படுவதும் மாஜிஸ்திரேட் பார்வையில் ஒன்றல்ல. தானாகப் போகிறவர், வாரண்டைத் திரும்பப் பெறச் சொல்லி ரீகால் மனு போடுவார். ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் வேண்டும், அதற்குத் தாள் வேண்டும். குடிபெயர்ந்தேன் என்றால் வாடகை ஒப்பந்தம், ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி. முதல் தடவை, காரணமும் நம்பும்படி இருந்தால், ஒரு தொகையைக் கட்டச் சொல்லியோ பத்திரம் வாங்கிக்கொண்டோ வாரண்டை ரத்து செய்வதுதான் வழக்கம். அதே ஆள் இரண்டாவது முறை வாரண்ட் வாங்கி வந்தால் அந்தத் தயவை எதிர்பார்க்க முடியாது. காலையில் கோர்ட் உட்காரும் நேரத்துக்கே போய்விட வேண்டும். மதியத்துக்கு மேல் போய் நின்றால், மனுவும் ஜாமீன்தாரர் சரிபார்ப்பும் முடிவதற்குள் கோர்ட் எழுந்துவிடலாம்.

சம்மன் நிலையிலேயே இருந்தால் வேலை இதில் கால்வாசிதான். வக்கீலிடம் வக்காலத்து கொடுத்து, அந்தத் தேதியில் ஆஜராகி வழக்கு ஆவணங்களின் நகல்களை வாங்கிக்கொள்ளலாம். வர முடியாத வாய்தாவுக்கு முன்கூட்டியே விலக்கு மனு போடலாம். பழைய வக்கீல்கள் இன்றும் அதை 317 மனு என்றே சொல்வார்கள், புதிய சட்டத்தில் பிரிவு 355. நேரில் வருவதிலிருந்தே நிரந்தர விலக்கு கேட்கவும் வழி இருக்கிறது.

இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் வரும் "அரெஸ்ட் வாரண்ட்" பற்றியும் சொல்ல வேண்டும். அசோகச் சின்னம், முத்திரை, உங்கள் ஆதார் எண் எல்லாம் போட்டு வரும். பின்னாலேயே வீடியோ காலில் ஒருவர் யூனிஃபார்மில் உட்கார்ந்து, பணத்தை "வெரிஃபிகேஷன்" கணக்குக்கு மாற்றச் சொல்வார். வாரண்ட் போலீசுக்கு எழுதப்படும் தாள் என்பதை நினைவில் வைத்தால் இந்த ஏமாற்று உடனே பிடிபடும். பிடிக்கப்போகிற ஆளுக்கே அதை முன்கூட்டி அனுப்பிவைக்க எந்த நீதிமன்றத்துக்கும் தேவையில்லை. டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று சட்டத்திலும் இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். சம்மன் விஷயத்தில் மட்டும், போனில் வந்தாலே பொய் என்று ஒதுக்கும் அலட்சியம் உதவாது. பி.என்.எஸ்.எஸ். சட்டப்படி, முத்திரையின் படமோ டிஜிட்டல் கையொப்பமோ உள்ள சம்மன் மின்னணு முறையிலும் வரலாம். ஆகவே போனில் வந்த சம்மனை அழிக்காமல், அதிலுள்ள வழக்கு எண்ணை ஈ-கோர்ட்ஸில் போட்டுப் பார்ப்பது நல்லது. வழக்கு அங்கே இருந்தால் சம்மன் நிஜம் என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள்.

வாரண்ட் ரத்தான பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். ரத்து உத்தரவு கோர்ட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர நாளாகும், அதுவரை ஸ்டேஷன் பதிவேட்டில் வாரண்ட் உயிரோடுதான் இருக்கும். 2002-ல் மும்பையில் ஒரு வழக்கறிஞருக்கு இதுதான் நடந்தது. ஆகஸ்ட் 12-ல் ரத்தான வாரண்டை வைத்து, 15-ந் தேதி, சுதந்திர தினத்தன்று, அவரைக் கைது செய்தார்கள். ரத்தானதற்கான ஆவணத்தைக் காட்டியும் கேட்கவில்லை. அவருக்கு 2,000 ரூபாய் இழப்பீடு தர அந்த இன்ஸ்பெக்டருக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011-ல் வாரண்டுகளைக் கையாள்வதற்கான நெறிமுறைகள் வந்தன. அதனால் ரீகால் ஆன அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு, கிடைத்ததும் ஒரு நகலை ஸ்டேஷனில் கொடுத்து, இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டதற்கு அங்கே முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதை போட்டோ எடுத்து போனிலும் வையுங்கள்.