முடியில்லாப் பூனை: குளிப்பாட்டுவதா, துடைப்பதா? சட்டையா, சூட்டு மெத்தையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் இருக்கும் பூனை பட்டு, முடியில்லாத ஸ்பிங்க்ஸ் இனம். தொட்டால் வெதுவெதுப்பான பீச் பழம் போல இருப்பாள். அவளை முதன்முதலில் மடியில் வைத்துப் பார்த்த எங்கள் ஆயா, "தோலு இப்படி வெறுமையா இருக்கே கண்ணு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்ச்சு விடு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு எண்ணெய் குறைவு என்பதில்லை, அதிகம் என்பதுதான் சிக்கல்.

எல்லாப் பூனைகளின் தோலிலும் எண்ணெய் சுரக்கிறது. முடியுள்ள பூனையில் அது முடி முழுவதும் பரவிவிடும், நக்கும்போது போய்விடும். முடியில்லாத பூனையில் போக இடமில்லாமல் தோலிலேயே தங்கி, தூசியோடு சேர்ந்து பழுப்பு நிறப் படலமாகிறது. கழுத்து மடிப்பு, அக்குள், நகத்தின் அடி, வால் ஆகியவை அது சேரும் இடங்கள். காதிலும் கரும்பழுப்பு மெழுகாகத் திரளும். மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை இந்தக் கொழுப்பை உண்டு பெருகும். தேங்காய் எண்ணெய் தடவினால் அதற்குக் கூடுதல் தீனி போட்டது மாதிரி ஆகிவிடும். பூனை அதை நக்கி வயிற்றுப்போக்கும் வரலாம்.

சரி, எண்ணெயை எடுக்க எது நல்லது? பூனையோடு போராட வேண்டாம் என்பதால் பலரும் துடைப்பதைத்தான் விரும்புகிறார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். ஆனால் ஈரத்துணி எண்ணெயைக் கரைக்காது. மேலே இருப்பதில் கொஞ்சத்தை எடுத்து, மீதியை மடிப்புக்குள் தள்ளிவிடும். குழந்தைகளுக்கான வாசனைத் துடைப்பான் இன்னும் மோசம். அதிலுள்ளது தோலில் தங்கும், பிறகு பூனை நக்கும். குளியலில் ஷாம்பு கொழுப்பைப் பிரித்து எடுப்பதால் மடிப்பும் சுத்தமாகிறது. ஆனால் அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டு செதில் உதிரும்.

எனவே என் தேர்வு குளியல்தான். எந்த நாளில் குளிப்பாட்டுவது என்பதை மட்டும் காலண்டரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. வெள்ளைப் பஞ்சுத் துண்டு ஒன்றை அவள் தோளிலிருந்து வால் வரை ஒருமுறை லேசாக இழுப்பேன். பஞ்சு வெளிறிய மஞ்சளாக இருந்தால் காத்திருக்கலாம். பழுப்பாகப் பிசுபிசுத்தால் அன்றே குளியல். டர்பனின் புழுக்கமான ஜனவரியில் இது வாரம் ஒருமுறை வருகிறது, ஜூலையில் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை.

முதலில் அறையைச் சூடாக்கி, பேசினில் வயிறு தொடும் அளவுக்கு 38 டிகிரி வெந்நீர் விடுவேன். பூனையின் உடல் சூடும் ஏறக்குறைய அதுதான், அதனால் நீர் அவளுக்குக் குளிராது, சுடாது. வாசனையில்லாத பூனை ஷாம்பு ஒரு டீஸ்பூனை ஒரு கோப்பை நீரில் கலந்து ஊற்றுகிறேன். நகங்களைப் பிதுக்கி, அடியில் இருக்கும் பழுப்பு அழுக்கை மென்மையான பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அக்குளில் கைவைத்தால் வழுக்கல் போகும்வரை அலசி, உடனே துண்டால் சுற்றிவிடலாம். காதுக்கு மருத்துவர் தரும் திரவமும் பஞ்சும் போதும், குச்சி வேண்டாம். துடைப்பது குளியல்களுக்கு நடுவே முகத்துக்கும் கழுத்து மடிப்புக்கும் மட்டும். இதயநோய் உள்ள பூனை, தண்ணீரைக் கண்டால் மூச்சு வாங்கும் பூனை என்றால் கணக்கு மாறும், மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

டெவன் ரெக்ஸ் போன்ற குட்டை முடிப் பூனைக்குப் பெரும்பாலும் துடைப்பே போதும், குளியல் எப்போதாவதுதான். அதன் சுருள் முடி எளிதில் ஒடியும் என்பதால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஆனால் காதையும் நகத்தையும் பட்டுவுக்குச் செய்வது போலவே அதற்கும் சுத்தம் செய்ய வேண்டும்.

குளிருக்கு இரண்டு வழி உண்டு: சட்டை, சூட்டு மெத்தை. டர்பன் குளிரைப் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஜூலை இரவில் 11 டிகிரிக்கு இறங்கும். ஜோகன்னஸ்பர்க்கில் இன்னும் குறையும். பூனைக்கு இதமான வெப்பமே 30 டிகிரிக்கு மேல்தான், முடியில்லாதவளுக்கு 11 என்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு ஜூலையில் ஃபிளீஸ் சட்டை போட்டு ஐந்து நாள் கழற்றவே இல்லை. கதகதப்பாகத் தூங்கினாள், எனக்கும் நிம்மதி. ஆறாம் நாள் கழற்றியபோது கெட்டுப்போன எண்ணெய் வாடை அடித்தது. அக்குள் சிவந்து பழுப்பாய்ப் பிசுபிசுத்தது. வெறும் எண்ணெய் என்றால் துடைத்தபின் கீழே தோல் இயல்பான நிறத்தில் இருக்கும். இங்கே சிவப்பு போகவில்லை, அவளும் சொறிந்துகொண்டே இருந்தாள். மருத்துவர் ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் அழுத்தி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மலசீசியாதான். குளோர்ஹெக்சிடின் 2 சதவீதம், மைகோனசோல் 2 சதவீதம் கலந்த ஷாம்பு கொடுத்தார். வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் தோலில் ஊறவிட வேண்டும், மூன்று வாரம். அந்தப் பத்து நிமிடம் அவளை நக்கவிடாமல் மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் பெரிய வேலை.

ஆக, சட்டை சூடு தரும், ஆனால் எண்ணெயையும் ஈரத்தையும் தோலோடு பிடித்து வைக்கும். மின்சார மெத்தையில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் நேரடியாகப் படுத்தால் முடியில்லாத தோல் மெல்ல மெல்ல வெந்துபோகலாம். லோட் ஷெட்டிங் வந்தால் அதுவும் குளிர்ந்துவிடும். இப்போது நான் வைத்திருக்கும் ஏற்பாடு: இரவில் மூடிய கூடை, அதன் ஒரு பாதியில் மட்டும் தடித்த துணி சுற்றிய வெந்நீர்ப் பை. சுட்டால் மறுபாதிக்கு நகர்ந்துகொள்வாள். பகலில் குளிர் அதிகமானால் மெல்லிய பருத்திச் சட்டை, ஒரு நாளைக்கு ஒன்று. வாசனையில்லாத சோப்புத்தூளில் துவைத்தது. அதைக் கழற்றும்போதெல்லாம் அக்குளை முகர்ந்து பார்க்கிறேன்.

வெயிலில் என் தீர்ப்பு தெளிவு: சன்ஸ்கிரீன் கடைசிதான். மனிதருக்கான பலவற்றில் ஜிங்க் ஆக்சைடோ சாலிசிலேட் வகைப் பொருளோ இருக்கும். இரண்டுமே நக்கும் பூனைக்கு ஆபத்து. எண்ணெய்த் தோலில் அது இன்னொரு படலமும்கூட. மருத்துவர் பூனைக்கென்று எழுதித் தந்தால் மூக்கு, காது நுனிக்கு மட்டும் போடலாம். வெளியில் விடாமல் இருப்பதும் யூவி எனும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிமை ஜன்னலுக்கு ஒட்டுவதும் நல்லது.

ஃபிலிம் எதற்கு என்றால், சாதாரணக் கண்ணாடி தோலைச் சுடும் யூவி-பி கதிரைப் பெரும்பாலும் தடுத்தாலும், யூவி-ஏ உள்ளே வந்துவிடும். இங்கே இன்னொரு விஷயம். பூமியின் தென் அரைக்கோளத்தில் இருக்கும் எங்களுக்கு நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். டிசம்பர் நண்பகலில் ஏறக்குறைய தலைக்கு மேலே இருப்பதால் வடக்கு ஜன்னல் வழியே அதிகம் வராது. ஜூனில் தாழ்ந்து வந்து கூடத்தின் நடுவரை வெயில் விழும். குளிரில் நடுங்கும் பூனை அங்கேதான் மணிக்கணக்கில் கிடக்கும். அதனால் எங்கள் வீட்டில் ஃபிலிம் முதலில் போனது வடக்கு ஜன்னலுக்கு. காது ஓரத்திலோ மூக்கிலோ ஆறாத பொருக்கு தெரிந்தால், அது வெயிலால் வரும் தோல் புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம், காத்திருக்காமல் காட்டிவிட வேண்டும். நான் ஒவ்வொரு குளியலிலும் காது ஓரத்தை விரலால் வருடிப் பார்த்துவிடுகிறேன். கண்ணில் படாத சொரசொரப்பும் நனைந்த தோலில் விரலுக்குத் தட்டுப்படும்.